ஈரமான சுருட்டை முடிக்கு எது: பன்றிமுடி பிரஷ்ஷா, பேடில் பிரஷ்ஷா, பெரிய பல் சீப்பா?

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு சீவக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லாத பெரியவர்கள் இல்லை. நேர் முடிக்காரர்களுக்கு அந்தப் பேச்சு சரி. சுருட்டை முடிக்காரர்கள் அதையே நம்பி, முடி மொறமொறவென்று காயும்வரை காத்திருந்து, அப்புறம் சீப்பைப் போட்டு இழுக்கிறார்கள். சீப்பு நிறைய முடி வருகிறது. மதுரையில் என் பார்லருக்கு வருகிறவர்களில் பலர் "குளிச்சாலே முடி கொட்டுது அக்கா" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. முடி கொட்டுவது வேறு, உடைவது வேறு. சீப்பை மாற்றினால் நிற்பது உடைவது மட்டும்தான்.

விளக்குத்தூண் பக்கம் எந்த ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தாலும் இப்போது மூன்று வகையும் கிடைக்கின்றன. பன்றிமுடி வைத்த பிரஷ், அதாவது போர் பிரிஸில் பிரஷ். அகலமான தட்டையான பேடில் பிரஷ். பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்ட சிக்கெடுக்கும் சீப்பு. மூன்றையும் "முடி உடையாது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல. ஈரமான சுருட்டை முடிக்கு எது என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அதில்தான் அதிகம் பேர் தப்பான பொருளை வாங்குகிறார்கள்.

முதலில் ஈரம் முடியை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு முடியின் வெளிப்புறம் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல மெல்லிய செதில்களால் ஆனது. முடிக்கு பலம் கொடுக்கிற பகுதி அதற்கு உள்ளே இருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் முடி ஊதிக்கொள்கிறது. தடிமன் ஏறக்குறைய 15 சதவீதம் கூடும், நீளம் 1, 2 சதவீதம்தான் கூடும். உள்ளே புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் தற்காலிகமாக விட்டுப்போகின்றன. காய்ந்ததும் அவை திரும்பச் சேர்ந்துகொள்ளும். அதனால் ஈர முடி சின்ன இழுப்புக்கே நிறைய நீள்கிறது. ஓரளவுக்கு நீண்டால் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தன் நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் உள்ளே நிரந்தரமாகச் சேதம் ஆகிறது. அன்றைக்கே அறுந்து கையில் வராமல் போகலாம். ஆனால் அந்த இடம் மெலிந்துபோய், பத்து நாள் கழித்து சாதாரணமாகச் சீவும்போது அங்கேதான் உடையும். ஊதிய முடியில் செதில்களின் விளிம்பும் லேசாக எழும்பி நிற்பதால் முடியோடு முடி உரசுவதும் கூடுகிறது.

இதை மட்டும் படித்தால் ஈரத்தில் சீவவே கூடாது என்றுதான் தோன்றும். சுருட்டை முடியில் கணக்கு மாறுகிறது. காய்ந்த நிலையில் ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளுக்குள் புகுந்து பின்னிக்கொண்டு கிடக்கும். அதைப் பிரிக்க நிறைய பலம் போட வேண்டியிருக்கிறது. தண்ணீரில் நனைந்து, மேலே வழுக்கலாக ஏதாவது ஒன்று இருந்தால் சுருள் தளர்கிறது, முடிகள் வரிசையாகப் படிகின்றன, மிகக் குறைந்த இழுப்பிலேயே சிக்கு விடுகிறது. ஈர முடி பலவீனம்தான். ஆனால் அதன்மேல் விழும் இழுப்பு அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுவதால் சுருட்டை முடிக்காரருக்கு ஈரம் லாபமாகிறது. சருமநோய் மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான்: நேர் முடியைக் கொஞ்சம் காயவிட்டுச் சீவுங்கள், சுருட்டை முடியை ஈரப்பதம் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்கள்.

ஆக, எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது விலையையும் கைப்பிடியின் அழகையும் விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒரு இழுப்பில் அந்தப் பொருள் எத்தனை முடியைப் பிடிக்கிறது? சிக்கு இருக்கிற இடத்துக்கு வந்ததும் அது உங்கள் கைக்குத் தெரிகிறதா?

அதற்கு முன்னால், உங்களுக்கு உடைகிறதா கொட்டுகிறதா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சீப்பில் வந்த முடியை ஒரு வெள்ளைத் துண்டின்மேல் பரப்புங்கள். கருப்பு முடியில் இது நன்றாகத் தெரியும். ஒரு முனையில் சின்ன வெள்ளைப் புள்ளியாக வேர்க்கிழங்கு இருந்தால் அது தன் ஆயுளை முடித்துக்கொண்டு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. சுருட்டை முடிக்காரர்கள் தினமும் சீவுவதில்லை என்பதால், உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இருந்துவிட்டு, தலைக்குக் குளிக்கிற நாளில் மொத்தமாக வெளியே வரும். மூன்று நாள் சீவாமல் இருந்தால் 150 முதல் 300 முடிவரை ஒரே நேரத்தில் வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு முனையிலும் புள்ளி இல்லாமல் இருந்தால் அது உடைந்த முடி. அதிலும் நீளத்தைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவான துண்டுகள், தோளிலும் தரையிலும் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள், காய்ந்த முடியைச் சீவும்போது நுனி சீப்பின் பல்லைச் சுற்றிக்கொண்டு அறுந்தவை. நாலு விரல் நீளத்துக்கு மேல் இருக்கும் துண்டுகள் முடியின் நடுவில் எங்கோ அறுந்தவை. ஈர முடியை வலுவாக இழுத்தால் இந்த நீளத் துண்டுகள்தான் அதிகம் வரும். தலையின் அடர்த்தியைத் தின்பதும் இவைதான்.

நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகளைப் பார்த்து "புது முடி வளருது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அதன் நுனியைத் தடவிப் பாருங்கள். புதிதாக முளைத்த முடியின் நுனி கூர்மையாகச் சன்னமாகப் போகும். உடைந்த முடியின் நுனி வெட்டினதுபோல் மொட்டையாக இருக்கும்.

இப்போது பன்றிமுடி பிரஷ். பன்றியின் முடியும் நம் முடி மாதிரியே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதன்மேலும் செதில் உண்டு. அதனால் அது தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, வேரிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போகும். எண்ணெய் வைக்கும் பழக்கம் இல்லாத, மெல்லிய நேர் முடிக்காரர்களுக்கு இது பெரிய உதவி. முடி பளபளப்பாகும், நுனி வறளாது. அந்த வேலைக்காகத்தான் அந்தப் பிரஷ்ஷே. சிக்கெடுக்கிற வேலை அதற்குக் கிடையாது.

ஈரமான சுருட்டை முடியில் அதைப் போட்டால் என்ன நடக்கிறது என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கொத்துக் கொத்தாக நெருக்கமாக இருக்கும் முள்கள் அடர்த்தியான முடிக்குள் இறங்குவதில்லை. மேலே உள்ள ஓர் அடுக்கை மட்டும் இழுத்துக்கொண்டு போகின்றன. மேல் அடுக்கு நேராகப் படிவதால் சிக்கு போய்விட்ட மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் சிக்கு போகவில்லை, மேல் முடியின் இழுப்பில் இன்னும் இறுகியிருக்கிறது. அடுத்த நாள் பிடரிப் பக்கம் விரலை விட்டால் முடிச்சு கையில் தட்டும். முள்கள் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு முடியும் பல இடங்களில் ஒரே நேரத்தில் உரசுகிறது. ஊதிப்போய் செதில் எழும்பி நிற்கும் நேரத்தில் அந்த உரசல் வேண்டவே வேண்டாம். சுருள் கலைந்து, காய்ந்ததும் பரபரவென்று பறக்கும்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. பன்றிமுடி பிரஷ்ஷின் முக்கியமான நன்மையே எண்ணெயைப் பரப்புவதுதான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, நுனிவரை தடவிச் சடை போடுகிற வீட்டில் அந்த வேலை ஏற்கெனவே கையாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பிரஷ்ஷுக்குக் கொடுக்கிற காசில் பெரிய பலன் இல்லை. எண்ணெய் முடியில் ஓட்டினால் முள் கொத்துகளின் அடியில் தூசி சேர்ந்து பிசுபிசுவென்று ஆகிவிடும், சுத்தம் செய்வதும் பாடு. பன்றியின் முடி என்பதாலேயே வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கடைக்காரர் "நேச்சுரல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நைலானைக் கருப்பாக்கி அதே பெயரில் விற்பதும் உண்டு. ஒரு முள்ளைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் உண்மையான முடி பொசுங்கும் வாடையோடு கருகிப் பொடியாகும், நைலான் உருகி உருண்டையாகும்.

பேடில் பிரஷ்ஷைப் பற்றி இப்படி ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. அகலமான பலகை, அதன்மேல் காற்று அடைத்த ரப்பர் மெத்தை, அதில் தள்ளித் தள்ளி நட்ட முள்கள். முள் முனையில் சின்னக் குமிழ். மெத்தை அமுங்கிக் கொடுப்பதால் தலைத்தோலில் குத்தாது. நீளமான நேர் முடிக்கும் லேசான அலை முடிக்கும், முக்கால்வாசி காய்ந்தபிறகு, இதைவிட வேகமாக வேலை முடிக்கிற பொருள் கிடையாது. டிரையர் போடும்போது நானும் நேர் முடிக்கு இதைத்தான் எடுக்கிறேன்.

சுருட்டை முடியில் இதன் அகலமே இடைஞ்சல். நாலு விரல் அகலத்துக்கு முடியை ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் நாலைந்து சிக்கு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கீழே தள்ளுவதால் தனித்தனியாக இருந்த சிக்குகள் நுனிப் பக்கம் போய் ஒரே கட்டியாகச் சேர்ந்துவிடும். மெத்தை அமுங்குவது தலைக்குச் சுகம், ஆனால் அதனாலேயே சிக்கு மாட்டியது கைக்குத் தாமதமாகத் தெரிகிறது. முள்கள் பின்னால் சாய்ந்து கொடுக்கின்றன, கை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது, தெரியவரும்போது முடி ஏற்கெனவே நீண்டிருக்கும். காய்ந்த முடியில் சட்டென்று வலித்துக் கையை நிறுத்திவிடுவோம். ஈர முடி ரப்பர் மாதிரி கொடுத்துக்கொண்டே வருவதால் அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

அப்புறம் முள் முனைக் குமிழ்கள். மலிவான பிரஷ்களில் சில மாதங்களிலேயே அவை ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். குமிழ் போன முள்ளின் முனை கூராக இருக்கும். முடியின் செதிலைச் சுரண்டும், தலையையும் கீறும். உள்ளங்கையால் பிரஷ்ஷை ஒருமுறை தடவிப் பார்த்தால் எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும். மெத்தைக்குள் தண்ணீர் போனால் எளிதில் வெளியே வராது, உள்ளே கருப்புப் பூஞ்சை பிடிக்கும். ஈர முடிக்கு இதைப் பயன்படுத்தாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

மெத்தை இல்லாமல், மெல்லிய, நன்றாக வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் முள்கள் வைத்த சிக்கெடுக்கும் பிரஷ்களும் வருகின்றன. பேடில் பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் ஈரத்தில் இவை எவ்வளவோ மேல். முள் வளைந்து சிக்கைத் தாண்டிப் போகும். ஆனால் அப்படித் தாண்டிப் போவதாலேயே சில சிக்குகள் உள்ளேயே தங்கிவிடும். தளர்ந்த சுருளுக்குப் போதும். நெருக்கமான சுருளுக்கு முதல் வேலையைச் சீப்பால் முடித்துவிட்டு வேண்டுமானால் கடைசியில் இதை ஓட்டலாம்.

இனி சீப்பு. பெரிய பல் சீப்பில் பார்க்க வேண்டியது இடைவெளி. இரண்டு பற்களுக்கு நடுவே உங்கள் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய இறங்குகிற அளவுக்கு, 6 முதல் 8 மில்லிமீட்டர்வரை, இருந்தால் அடர்த்தியான சுருட்டை முடிக்குச் சரியாக இருக்கும். ஒரே வரிசைப் பற்கள் என்பதால் ஒவ்வொரு முடியும் ஒரே இடத்தில்தான் உரசுகிறது. சீப்பு அமுங்காது, வளையாது. சிக்கு மாட்டிய அந்த நொடியே கைக்குத் தெரியும். நிறுத்தலாம், பின்வாங்கலாம். ஈரத்தில் முடி உடையாமல் இருப்பது இந்த உணர்வை நம்பித்தான் இருக்கிறது. நம் பாட்டிமார் சீப்பைத் தொடுவதற்கு முன்னால் சிணுக்கோலியை வைத்து ஒவ்வொரு சிக்காகக் குத்திப் பிரித்ததிலும் இந்த அறிவுதான் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு சிக்கு.

சீப்பிலும் மோசமானவை உண்டு. அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் சீப்பில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பஞ்சு ஒரு துண்டு எடுத்துப் பல்லின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நின்றால் முடியின் செதிலையும் அந்த இடம் அப்படித்தான் பிடிக்கும். பற்களின் அடி, சீப்பின் முதுகோடு சேரும் இடம், வளைவாக இருக்க வேண்டும். அங்கே கூர்மையாக இருந்தால் முடி அந்த மூலையில் போய் இறுகி அறும்.

வேப்பமரச் சீப்பை நிறையப் பேர் கேட்கிறார்கள். வழவழப்பாகத் தேய்த்த வேப்பமரச் சீப்பு காய்ந்த முடிக்கும் எண்ணெய் வைத்த முடிக்கும் அருமையானது. ஆனால் தினமும் தண்ணீரில் நனைத்தால் மரம் ஊதி, காய்ந்து, சிராய் கிளம்பும். குளியலறைக்கு நல்ல பிளாஸ்டிக் சீப்பு, அறைக்கு மரச் சீப்பு என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஈருக்கும் பேனுக்கும் உள்ள நெருக்கப் பல் சீப்பைச் சிக்கெடுத்து முடித்தபிறகு மட்டும் எடுங்கள். சிக்கு இருக்கும்போது அதை வைத்தால் கொத்தாக வரும்.

சீப்பு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. எப்படி ஓட்டுகிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து அம்மாவோடு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன்.

இடுப்புவரை முடி. உச்சியில் அலை அலையாக, காதுக்குக் கீழே பென்சில் தடிமனுக்குச் சுருள். "எங்க மாமியார் முடி அப்படியே இவளுக்கு வந்துருக்கு, எனக்கு இப்படிக் கிடையாது" என்றார் அம்மா. அவருக்கு நேர் முடி. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பேடில் பிரஷ், இரண்டு பேரும் அதையே பயன்படுத்தினார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், வீட்டில் போர்த் தண்ணீர். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஈரத்தோடு உச்சியிலிருந்து நுனிவரை நீளமாக இழுத்துச் சீவி, இறுக்கிச் சடை போட்டு, மேலே மல்லிகையும் கிளிப்பும்.

வெள்ளைத் துண்டில் முடியைப் பரப்பிப் பார்த்தோம். பாதிக்கு மேல் புள்ளி இல்லாத முடி, அதில் அதிகமானவை ஒரு சாண், அரைச் சாண் நீளத் துண்டுகள். ஆக, ஈரத்தில் இழுத்ததால் நடுவில் அறுந்தவை. சடையும் மேலே தடிமனாகத் தொடங்கி, தோளுக்குக் கீழே சட்டென்று மெலிந்திருந்தது. வேரில் கோளாறு என்றால் சடை மேலேயே மெலிந்திருக்கும். ஒரு முடியை நனைத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். உச்சியில் எடுத்த முடி நீண்டு திரும்பச் சுருங்கியது. பழைய நுனி முடி நீண்டது, திரும்பவில்லை.

நான் மாற்றச் சொன்னவை இவை. எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் தடவும்போதே, முடி காய்ந்திருக்கும் அந்த நேரத்தில், விரலால் மட்டும் சிக்கைத் தளர்த்தி நாலு பாகமாகப் பிரித்து லேசாக முறுக்கி விட வேண்டும். நுனிப் பாதிக்குத் தேங்காய் எண்ணெய். பல எண்ணெய்கள் முடிக்கு மேலேயே நிற்கும், தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளேயும் போகும். தலைக்குக் குளிக்கும்போது முடி தண்ணீரைக் குடித்து ஊதுவதை அது குறைக்கிறது, புரதம் கரைந்து போவதையும் குறைக்கிறது. சீயக்காயைத் துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். திப்பி சுருளுக்குள் தங்கினால் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். அதை முடியோடு சேர்த்து உச்சியில் குவித்துத் தேய்க்காமல், தலைத்தோலில் மட்டும் தேய்த்து, வழிந்து வருவது நுனிக்குப் போதும் என்று விட்டுவிட வேண்டும்.

அலசி முடித்ததும் சொட்டச் சொட்ட இருக்கும்போதே கண்டிஷனர். சேதமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடியிருக்கும், கண்டிஷனரில் உள்ள பொருள்கள் நேர்மின் தன்மை கொண்டவை. அதனால் சேதம் அதிகம் உள்ள இடத்திலேயே அவை அதிகமாக ஒட்டி வழுக்கல் கொடுக்கின்றன. கண்டிஷனர் வேண்டாம் என்கிறவர்கள் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பான சாற்றைத் தடவலாம். சேதமான இடத்தில் கண்டிஷனர்போல ஒட்டி நிற்காது, ஆனால் சீப்பு வழுக்கிப் போகிற அளவுக்கு உதவும்.

அந்த வழுக்கல் இருக்கும்போதே சீப்பு. நாலு பாகத்தில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, இடது கையால் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கைக்குக் கீழே தொங்கும் நுனியில் மூன்று விரல் நீளத்துக்கு மட்டும் சீவ வேண்டும். இடது கை பிடித்திருப்பதால் இழுப்பு வேருக்குப் போகாது. அந்த மூன்று விரலும் தடையில்லாமல் வந்ததும் பிடியை இன்னும் மூன்று விரல் மேலே ஏற்றி, அங்கிருந்து நுனிவரை. இப்படியே படிப்படியாக உச்சிக்கு. சீப்பு நின்றால் கீழே இழுக்கவே கூடாது. சீப்பை வந்த வழியே மேல்பக்கமாக உருவி எடுத்துவிட்டு, சிக்கை இரண்டு கை விரல்களாலும் பக்கவாட்டில் பிரிக்க வேண்டும். அப்படியும் விடாத, ஒற்றை முடி தன்னையே சுற்றிப் போட்ட முடிச்சு சுருட்டை முடியின் நுனியில் இருக்கும். அதைக் கத்தரியால் வெட்டிவிடலாம், இழுத்தால் மேலே ஏறி உடையும். முழுத் தலைக்கும் முதலில் அரை மணி நேரம் பிடிக்கும். கை பழகினால் கால் மணி நேரம்.

"காலையில பஸ் நேரத்துக்கு இதெல்லாம் நடக்குமா அக்கா?" என்று கேட்டது அந்தப் பெண். நியாயமான கேள்வி. எண்ணெய்க் குளியலை வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதான் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். சரி, வெள்ளி சாயங்காலம் என்று முடிவானது. குளித்தபின் ஈரிழைத் துண்டால் முடியைத் துவட்டாமல் அழுத்தி மட்டும் எடுத்துவிட்டு, சிக்கெடுத்த முடியை அப்படியே தொங்கவிட்டுக் காயவிட்டது. மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் டிரையரே தேவைப்படுவதில்லை. முழுக்கக் காய்ந்தபின் தளர்வாகச் சடை. ஈர முடியில் இறுக்கமாகச் சடை போட்டால், அது காய்ந்து சுருங்கும்போது கட்டின இடத்தில் இழுபடும். பூவையும் கிளிப்பையும் காய்ந்த முடியில் வைத்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது திரும்பத் துண்டில் பரப்பிப் பார்த்தோம். வந்த முடியின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. இப்போது பெரும்பாலானவற்றில் வெள்ளைப் புள்ளி இருந்தது. உதிர வேண்டியவை உதிர்கின்றன, உடைவது நின்றுவிட்டது என்று பொருள். ஏற்கெனவே உடைந்துபோன நீளம் திரும்ப வருவதற்கு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி என்ற கணக்கில் ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டுப் பேடில் பிரஷ்ஷைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அம்மாவின் நேர் முடிக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. அவர் தலைக்குக் குளித்து ஒரு மணி நேரம் காயவிட்டு, ஈரம் சொட்டாத நிலையில், அவரும் நுனியிலிருந்தே தொடங்கினால் சரி. நேர் முடி ஈரத்தில் பக்கத்து முடியோடு ஒட்டிக்கொண்டு உரசல் கூடுகிறது, பின்னிக்கிடக்கும் சுருள் இல்லாததால் நனைவதில் கிடைக்கும் லாபமும் இல்லை. காயவிடுவதால் அவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. பளபளப்பு வேண்டும், எண்ணெய் வைக்கப் பிடிக்காது என்கிற நேர் முடிக்காரராக இருந்தால் பன்றிமுடி பிரஷ்ஷை அப்போது பரிந்துரைப்பேன், அதுவும் சிக்கு முழுக்கப் போனபிறகு, காய்ந்த முடியில், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. இரவில் நூறு முறை வாரினால் முடி வளரும் என்பதில் உண்மை இல்லை. வாரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செதில் தேய்கிறது, அவ்வளவுதான்.

சீப்பை மாற்றியும் தீராத இடங்களும் உண்டு. துண்டில் பரப்பிய முடியில் முக்கால்வாசிக்கு வெள்ளைப் புள்ளி இருந்து, அளவும் திடீரென்று கூடியிருந்தால் அது சீப்பின் பிரச்சினை அல்ல. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி மொத்தமாக உதிர்வது வழக்கம். இரும்புச் சத்துக் குறைவிலும் தைராய்டு கோளாறிலும் உதிரும். சருமநோய் மருத்துவரைப் பாருங்கள், புதுச் சீப்பு வாங்கிக் காத்திருக்காதீர்கள். கெமிக்கல் போட்டு முடியை நேராக்கியவர்கள், நிறம் வெளுக்க பிளீச் செய்தவர்கள் ஈரத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த முடி மிகக் குறைந்த இழுப்பிலேயே நீண்டு திரும்பாமல் போகும். அவர்கள் எந்தச் சுருளாக இருந்தாலும் கண்டிஷனர் இல்லாமல் சீப்பைத் தொடக் கூடாது.

போர்த் தண்ணீர் வீட்டில் இன்னொரு சின்ன வேலையும் செய்து பாருங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து முடியின்மேல் படிந்தால் சொரசொரவென்று இருக்கும், சீப்பு அங்கங்கே நிற்கும். நல்ல தண்ணீரில் அலசிய அன்று சீப்பு எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று கையாலேயே வித்தியாசம் தெரியும்.

சீப்பை வாரம் ஒருமுறை ஷாம்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் பற்களின் அடியில் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். ஒரு பல் உடைந்தாலும், பஞ்சு ஓர் இடத்தில் மாட்டினாலும் அந்தச் சீப்பை மாற்றிவிடுங்கள். ஐம்பது அறுபது ரூபாய்ச் சீப்புக்காகப் பார்த்து, மூன்று வருடம் வளர்த்த முடியை அறுத்துக்கொள்ள வேண்டாம்.